வாடகை உயர்வுக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதலாம்? சென்னை வாடகைதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீட்டில் நாலு வருடமாக இருக்கிறோம். வாடகை 18,000. ஜூன் முதல் 23,000 என்று ஓனர் லெட்டர் கொடுத்திருக்கிறார். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

முதலில் அக்ரிமென்ட்டை எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். அது எந்தத் தேதியில் முடிகிறது, வாடகை உயர்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பவைதான் அந்த இரண்டு இடங்கள். "ஆண்டுக்கு 5 சதவீதம்" என்று ஒரு வரி இருந்து, அந்த அக்ரிமென்ட்டும் இன்னும் முடியவில்லை என்றால், அவர் கேட்கக்கூடியது அந்த 5 சதவீதம்தான். காலம் பாக்கி இருக்கிறது, உயர்வைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், அக்ரிமென்ட் முடியும்வரை பழைய வாடகைதான்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9-ஆம் பிரிவுப்படி வாடகை உயர்வு அக்ரிமென்ட்டில் உள்ளபடிதான் நடக்க வேண்டும். அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், புது வாடகை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அக்ரிமென்ட் மே 31-ல் முடிகிறது, லெட்டர் ஏப்ரல் முதல் வாரம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் ஆகவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அதை வைத்து ஒன்றிரண்டு மாத அவகாசம் கிடைக்கலாம், வாடகை குறையாது. ஏனென்றால் காலம் முடிந்தபின் புது அக்ரிமென்ட் போடுகிறபோது என்ன வாடகை கேட்பது என்பது அவர் விருப்பம். குடியிருக்கும் வீட்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற உச்சவரம்பு எதுவும் இந்தச் சட்டத்தில் கிடையாது. அதனால் சட்டத்தைக் காட்டி மறுப்பதைவிட, அவருக்கும் கட்டுப்படியாகிற ஒரு எண்ணைக் காட்டிப் பேசுவதுதான் பலன் தரும்.

பதிலே சொல்லாமல் பழைய வாடகையையே போட்டுக்கொண்டு இருந்தால் என்ன?

அதை மட்டும் செய்யாதீர்கள். அதே 9-ஆம் பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. உயர்வு நோட்டீஸ் கிடைத்தபின் வாடகைதாரர் காலி செய்வதாக எழுத்தில் தெரிவிக்காவிட்டால், ஓனர் கேட்ட உயர்வை அவர் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். நீங்கள் 18,000 போட்டுக்கொண்டே இருப்பீர்கள், அவர் பக்கத்தில் மாதம் 5,000 பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஒரு வருடம் கழித்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போது அறுபதாயிரம் கழிந்து வரும்.

அந்த வரியைக் கவனமாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் எழுதும் கடிதம் காலி செய்யும் நோட்டீஸ் ஆகாது. அதனால் பேச்சுவார்த்தைக் கடிதத்திலேயே இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று, கேட்ட உயர்வை ஏற்கவில்லை என்பது. இரண்டாவது, இன்ன தேதிக்குள் ஒத்துவராவிட்டால் முறைப்படி காலி செய்யும் நோட்டீஸ் தருவேன் என்பது. அந்தத் தேதி புது வாடகை தொடங்கும் நாளுக்கு முன்னதாக இருக்கட்டும். இதை எழுதினால் ஓனர் கோபித்துக்கொள்வார் என்று சிலர் தயங்குகிறார்கள். மரியாதையாக எழுதினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எவ்வளவு உயர்வுக்கு ஒப்புக்கொள்ளலாம்? ஒரு எண் எப்படிக் கண்டுபிடிப்பது?

"பாதியில் முடித்துக்கொள்வோம்" என்று 20,500 சொல்வதுதான் எல்லோரும் செய்வது. அந்த எண்ணுக்குப் பின்னால் காரணம் எதுவும் இல்லாததால் ஓனர் 22,000 என்பார், நீங்கள் 21,000 என்பீர்கள், கடைசியில் சந்தை விலைக்கே வந்து நிற்பீர்கள். அதைவிட, நீங்கள் காலி செய்தால் ஓனர் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள். அதுதான் அவருடைய கீழ் எல்லை.

உங்கள் தெருவில் இதே மாதிரி வீடு இப்போது 21,000-க்குப் போகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர் 21,000 கொடுத்து, வருடம் 5 சதவீதம் ஏற்றினால், மூன்று வருடத்தில் ஓனருக்குச் சுமார் 7,94,000 ரூபாய் வரும். ஆனால் நீங்கள் போய்ப் புது ஆள் வருவதற்குள் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும், அது 21,000. பெயின்டிங், சில்லறை வேலைகள் 25,000. புரோக்கருக்கு ஓனர் பங்கு அரை மாத வாடகை, 10,500. ஆக 56,500 ரூபாய் கழியும். மிச்சம் கிட்டத்தட்ட 7,38,000.

இப்போது முதல் வருடம் 19,500, அடுத்த வருடம் 20,500, மூன்றாவது வருடம் 21,500 என்று நீங்கள் கொடுத்தால் மூன்று வருடத்துக்கும் சேர்த்து எவ்வளவு? சரியாக 7,38,000. அதாவது உங்களை அனுப்பிவிட்டுச் சந்தை விலைக்கு ஆள் வைத்தாலும் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. அந்தப் புது ஆள் ஒரே வருடத்தில் கிளம்பிவிட்டால் நஷ்டம்தான். ஆகவே 19,500 என்பது நீங்கள் தைரியமாகச் சொல்லக்கூடிய முதல் எண்.

ஒரு திருத்தம் இருக்கிறது. சென்னையில் நிறைய அக்ரிமென்ட்டுகளில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்காக அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கும். உங்களுடையதிலும் அப்படி இருந்தால், அந்தச் செலவில் 18,000 உங்கள் பணம்தான், ஓனருடையது அல்ல. அப்போது அவருடைய கீழ் எல்லை 7,56,000-க்கு ஏறிவிடும். 20,000, 21,000, 22,000 என்று கொடுத்தால்தான் அந்தத் தொகை வரும். ஆகவே 19,500-ல் ஆரம்பித்து 20,000-ல் முடிப்பது உங்கள் நிலைமையில் இரண்டு பக்கத்துக்கும் நியாயமான இடம்.

என் பக்கத்துக் கணக்கு? எந்த எண்ணுக்கு மேல் போனால் வேறு வீடு பார்ப்பது நல்லது?

இதையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓனரிடம் காட்டாதீர்கள். நீங்கள் மாறினால் புது வீட்டிலும் 21,000-தான், அதே 5 சதவீத உயர்வோடு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்க ஒரு 12,000, பழைய வீட்டு பெயின்டிங்குக்குப் பிடிக்கும் 18,000 எல்லாம் சேர்த்தால் மூன்று வருடத்துக்கு 8,45,000 ரூபாய் ஆகும். மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 23,500. பிள்ளைகளின் ஸ்கூல் வேன், அதிகமாகக் கேட்கும் அட்வான்ஸ் எதையும் இதில் சேர்க்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, வீடு மாறுவது ஓனரைவிட உங்களுக்குத்தான் அதிகச் செலவு என்பது. அதனால் "காலி பண்ணிவிடுவேன்" என்று மிரட்டுவதில் பெரிய பலம் இல்லை, விவரம் தெரிந்த ஓனருக்கு அது புரியும். அதே சமயம் அவர் 23,000-ல் ஆரம்பித்து வருடம் 5 சதவீதம் என்று பிடிவாதமாக நின்றால் மூன்று வருடத்துக்கு 8,70,000 ஆகிறது. அந்த இடத்தில் மாறுவதுதான் மலிவு, அப்போது தயங்க வேண்டாம்.

அக்கம்பக்கத்து வாடகையை எப்படி நம்பகமாகத் தெரிந்துகொள்வது?

இணையதள விளம்பரங்களில் இருப்பது கேட்கும் விலை. முடிந்த விலை அதைவிடக் குறைவாக இருக்கும். ஓனரும் அந்த விளம்பரங்களைப் பார்த்துத்தான் 23,000 என்று எழுதியிருப்பார். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் தெருவில் குடிவந்தவர்களிடம் கேளுங்கள். வாட்ச்மேனுக்கும் இஸ்திரி வண்டிக்காரருக்கும் யார் எவ்வளவுக்கு வந்தார்கள் என்று தெரிந்திருக்கும். டூ-லெட் போர்டில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு, "கடைசியாக எவ்வளவுக்கு முடிப்பீர்கள்?" என்றும் கேட்கலாம்.

மூன்று வீடு போதும், ஆனால் அவை உங்கள் வீட்டோடு ஒப்பிடக்கூடியவையாக இருக்க வேண்டும். லிஃப்ட் உள்ள புதுக் கட்டடத்தை லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியோடு ஒப்பிட்டால் ஓனர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். கார் பார்க்கிங், மெட்ரோ வாட்டர் இணைப்பு, மெயின்டனன்ஸ் வாடகையில் சேர்த்தியா தனியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெயின்டனன்ஸ் தனி என்றால் 21,000 என்பது உண்மையில் 23,500-ஆக இருக்கலாம். கிடைத்த விவரம் உங்களுக்கு எதிராக இருந்தாலும் அதை மறைத்துக் குறைவான ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். ஓனரும் அதே தெருவில்தான் விசாரிப்பார்.

என்னென்ன காரணங்கள் எடுபடும்?

ஓனரின் பணத்தையோ நிம்மதியையோ தொடுகிற காரணங்கள்தான் எடுபடும். நாலு வருடமாக ஒரு மாதம்கூடத் தாமதம் இல்லை என்பது பெரிய விஷயம், ஆனால் அதைச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வாடகை போன தேதிகளை மட்டும் எடுத்து ஒரு தாளில் இணைத்துவிடுங்கள். இரண்டாவது, நீங்கள் செய்துகொண்ட ரிப்பேர். இங்கே சட்டத்தின் அட்டவணை உதவும். அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதாவிட்டால், சுவர் வெள்ளையடிப்பது, குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங் வேலை ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரியானவை உங்கள் பொறுப்பு. பாத்ரூம் பைப் லைனை நீங்கள் 6,500 செலவழித்து மாற்றியிருந்தால் அது எழுத வேண்டிய காரணம். சுவிட்ச் மாற்றியதையெல்லாம் எழுதினால் கடிதம் கனமிழந்துவிடும்.

மூன்றாவது, வீட்டின் குறைகள். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்குகிறீர்கள், மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்று வண்டியை வேறு இடத்தில் விடுகிறீர்கள் என்றால், அதே 21,000-க்குப் புது ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அவருக்குப் புரியும். இதைப் புகாராக எழுதாமல் செலவாக எழுதுங்கள். "ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்ணீர் லாரிக்கு எங்கள் பங்கு மாதம் 1,200" என்று சொன்னால் போதும்.

சம்பளம் ஏறவில்லை, ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும் என்பவை உங்கள் வீட்டு உண்மைகள்தான். ஆனால் ஓனரைப் பொறுத்தவரை அவை இவர் சீக்கிரம் வாடகை பாக்கி வைப்பார் என்ற அறிகுறியாகத் தெரியலாம். கடிதத்தில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. நேரில் பேசும்போது அவரே கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

சொத்து வரி ஏறிவிட்டது, மெட்ரோ வரப்போகிறது என்கிறார். அதற்கு என்ன சொல்வது?

சொத்து வரி 2022-ல் கணிசமாக ஏற்றப்பட்டது உண்மை. ஆனால் அது அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. இந்த அளவு ஃபிளாட்டுக்கு வரி அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடியிருந்தாலும் மாதக் கணக்கில் 170 ரூபாய்க்குக் கீழேதான் வரும். "வரி எவ்வளவு கூடியது என்று சொல்லுங்கள் சார், அதை அப்படியே வாடகையில் சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பும்.

மெட்ரோ விஷயம் கொஞ்சம் வேறு. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது வழித்தடம் மடிப்பாக்கம் வழியாகத்தான் போகிறது, அது ஓட ஆரம்பித்தால் வாடகை ஏறத்தான் செய்யும். அதை மறுக்க வேண்டாம். ரயில் ஓடும்வரை இங்கே குடியிருப்பவர்களுக்குக் கிடைப்பது தோண்டிய ரோடும் தூசியும்தான் என்பதைச் சொல்லி, உயர்வைப் படிப்படியாக வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று காட்டுங்கள்.

மூன்று வருடம் என்று கேட்டால் ஓனர் பயப்படுகிறாரே, ஏன்?

வயதான ஓனர்களுக்குப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஞாபகம் இன்னும் போகவில்லை. குடியிருப்பவரைக் கிளப்ப முடியாமல் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நீண்ட காலம் என்றாலே வீடு கையை விட்டுப் போய்விடும் என்று தோன்றும். அந்தப் பயத்துக்குக் கடிதத்திலேயே பதில் இருந்தால்தான் மூன்று வருடம் என்பது உங்கள் பக்கத்துச் சலுகையாகத் தெரியும். இல்லாவிட்டால் அது இன்னொரு கோரிக்கையாகிவிடும்.

நான் எழுதச் சொல்வது இப்படி: முதல் 12 மாதம் இரண்டு பேருமே விலக முடியாது. அதன்பின் நீங்கள் கிளம்புவதானால் இரண்டு மாத நோட்டீஸ். அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ குடியிருக்க வீடு தேவைப்பட்டால் மூன்று மாத நோட்டீஸில் காலி செய்து தருவீர்கள். வாடகையை ஏற்றுவதற்காகவோ வேறு ஆளுக்கு விடுவதற்காகவோ நடுவில் காலி செய்யச் சொல்லக் கூடாது. இதில் உங்களுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. சொந்த உபயோகம் என்று சொல்லிவிட்டு வேறு ஆளுக்கு விடலாம். அதற்காக, அப்படி முதல் இரண்டு வருடத்துக்குள் காலி செய்யச் சொன்னால் பெயின்டிங்குக்கு அட்வான்ஸில் பிடிக்க மாட்டேன் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பொதுவாக ஒப்புக்கொள்வார்கள்.

பதினொரு மாத அக்ரிமென்ட்தானே போடுவார்கள்? மூன்று வருடத்துக்கு எப்படி எழுதுவது?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் பதினொரு மாதம் என்ற பழக்கம் வந்தது. உங்களுக்கு இரண்டு வழி உண்டு.

முறையானது மூன்று வருடத்துக்கும் ஒரே பத்திரமாக எழுதிப் பதிவு செய்வது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மொத்த வாடகைத் தொகையை வைத்துத்தான் கணக்கிடப்படும். இரண்டும் ஒவ்வொரு சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் கணக்கில் சுமார் 15,000 ரூபாய் ஆகும், அட்வான்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். மாதத்துக்கு 420 ரூபாய்க்குச் சமம். இதை யார் கொடுப்பது என்பதையும் பேச்சில் சேருங்கள், ஆளுக்குப் பாதி என்பது நியாயம்.

இன்னொரு வழி, பதினொரு மாத அக்ரிமென்ட்டே போட்டு, அதற்குள் அடுத்த இரண்டு புதுப்பித்தலுக்கும் வாடகை எவ்வளவு என்று ரூபாயில் எழுதிவிடுவது. இது மலிவு, ஓனருக்கும் பழக்கமானது. ஆனால் பதினொரு மாதம் முடிந்தபின் அவர் புதுப்பிக்க மறுத்தால் அந்த வரியை வைத்து அவரைக் கட்டாயப்படுத்துவது கஷ்டம். அது நல்லெண்ணத்தின் மேல் நிற்கிற ஏற்பாடுதான். ஓனர் சொன்ன வார்த்தையை மாற்றாதவர் என்று நாலு வருடத்தில் தெரிந்திருந்தால் இது போதும். வீட்டை விற்கப்போவதாகக் காதில் விழுந்திருந்தால் பதிவுதான் சரி.

கடிதத்தை முழுதாக ஒருமுறை எழுதிக் காட்ட முடியுமா?

ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். ஓனர் வாசலில் நின்றே படித்து முடிக்கிற அளவு இருக்கட்டும்.

> ஏப்ரல் 12
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். ஜூன் 1 முதல் வாடகையை 18,000 ரூபாயிலிருந்து 23,000 ரூபாயாக உயர்த்துவதாக நீங்கள் ஏப்ரல் 5 அன்று கொடுத்த கடிதம் கிடைத்தது. நாலு வருடமாக எங்களை அக்கறையோடு வைத்திருக்கிறீர்கள். தொடர்ந்து இங்கேயே இருக்க விரும்புகிறோம். வாடகை உயர வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரேயடியாக 28 சதவீத உயர்வை எங்களால் ஏற்க இயலவில்லை.
>
> நம் தெருவில் கடந்த ஆறு மாதத்தில் இதே அளவு வீடுகள் மூன்று 20,000, 21,000, 21,500 ரூபாய்க்கு முடிந்திருக்கின்றன. 21,500-க்குப் போன வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. நாலு வருடமாக ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வாடகை செலுத்தியிருக்கிறோம், விவரம் இணைத்துள்ளேன். சென்ற ஆண்டு பாத்ரூம் பைப் லைனை எங்கள் செலவில் (6,500 ரூபாய்) மாற்றினோம், அதை இதுவரை வாடகையில் கழிக்கவில்லை.
>
> எங்கள் வேண்டுகோள்: ஜூன் 1 முதல் மூன்று வருடத்துக்கு, முதல் வருடம் 19,500, இரண்டாம் வருடம் 20,500, மூன்றாம் வருடம் 21,500 ரூபாய். முதல் 12 மாதம் நாங்கள் காலி செய்ய மாட்டோம். அதன்பின் உங்கள் குடும்பத்துக்கு வீடு தேவைப்பட்டால் மூன்று மாத நோட்டீஸில் காலி செய்து தருவோம். நாங்கள் கிளம்புவதானால் இரண்டு மாதம் முன்பு சொல்வோம். அட்வான்ஸ் இப்போது உள்ளபடியே இருக்கட்டும். பத்திரத்தைப் பதிவு செய்ய நீங்கள் விரும்பினால் செலவில் பாதியை ஏற்கிறோம்.
>
> மே 5-க்குள் உங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ஒத்துவராத பட்சத்தில் மே மாதத்துக்குள் முறைப்படி காலி செய்யும் நோட்டீஸ் தருகிறேன். அதுவரை இப்போதைய வாடகையை வழக்கம்போல் செலுத்திவருவேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, பெயர், வீட்டு எண்)

"ஏற்க இயலவில்லை" என்ற சொற்களையும் கடைசிப் பத்தியையும் மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். பைப் லைன் செலவைத் திருப்பிக் கேட்காமல் குறிப்பிட மட்டும் செய்திருப்பதைக் கவனியுங்கள். ஓனர் 19,500-க்கு இறங்காமல் 20,500-ல் நின்றால், அந்த 6,500-ஐக் கழிக்கும்படி கேட்க அப்போது ஒரு இடம் கிடைக்கும்.

கடிதம் கொடுத்தால் முறைத்துக்கொள்வாரோ? நேரிலேயே பேசிவிடலாமே?

இரண்டும் வேண்டும், வரிசைதான் முக்கியம். முதலில் நேரில் போய் ஐந்து நிமிடம். "சார், உங்க லெட்டரைப் பார்த்தோம். நாங்க இங்கேயே இருக்கத்தான் நினைக்கிறோம். எங்களால முடிஞ்சதை எழுதிட்டு வந்திருக்கேன், நிதானமா பார்த்துட்டு சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அங்கேயே எண்ணைப் பேச ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் அம்மாவோ மகனோதான் முடிவெடுப்பார்கள் என்றால் அவருக்கும் யோசிக்க நேரம் வேண்டும்.

அன்று மாலையே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "காலையில் கொடுத்த கடிதம் சார்" என்று ஒரு வரி போடுங்கள். தேதிக்கு அது சாட்சி. ஓனர் வெளியூரில் இருந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு போனில் முடிந்தாலும், "இன்று பேசியபடி ஜூன் முதல் 20,000, மூன்று வருடம்" என்று எழுதி அனுப்பி அவர் சரி என்று போடும்வரை விடாதீர்கள்.

ஒத்துக்கொள்ளவில்லை. உடனே காலி பண்ணு என்கிறார், தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்கிறார்.

தண்ணீர், மின்சாரம் மாதிரியான அத்தியாவசிய வசதிகளை நிறுத்த ஓனருக்கு உரிமை கிடையாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். வாடகையை வாங்க மறுத்தால், மறுத்ததற்கு அடையாளம் இருக்கும்படி மணியார்டரிலோ பேங்க் மூலமோ அனுப்புங்கள். தொடர்ந்து மறுத்தால் அதே அதிகாரியிடம் கட்டலாம். எந்தச் சண்டையிலும் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கியைக் கேட்பு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் தீர்க்காவிட்டால், அதுவே வெளியேற்றக் காரணமாகிவிடும்.

ஆனால் இதை வைத்து நீண்ட நாள் உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில், இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே ஓனர் வெளியேற்றம் கேட்க ஒரு காரணம். சென்னையில் பல வழக்குகள் இந்த ஒரே காரணத்தில்தான் நடக்கின்றன. காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் வாடகையின் மடங்குக் கணக்கில் இழப்பீடு கொடுக்க வேண்டியும் வரும். பேச்சு முறிந்துவிட்டது என்று தெரிந்தால், சொன்ன தேதிக்குள் நோட்டீஸ் கொடுத்து, வீடு தேட இரண்டு மாத அவகாசம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் செலவு குறைந்த வழி.

20,000-க்கு முடிந்துவிட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

புது அக்ரிமென்ட்டில் மூன்று வருட வாடகையும் ரூபாயில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "பரஸ்பரம் ஒப்புக்கொண்டபடி உயர்வு" என்ற வரி டைப் செய்பவரின் பழைய மாதிரியிலிருந்து தானாக வந்துவிடும். அது இருந்தால் அடுத்த ஜூன் மாதம் மறுபடியும் இதே பேச்சு தொடங்கும். கையெழுத்தான கையோடு tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்து பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதினொரு மாத அக்ரிமென்ட்டுக்கும் இது வேண்டும், சார்பதிவாளர் அலுவலகப் பதிவு இதிலிருந்து தனி.

அட்வான்ஸையும் கூட்டச் சொல்வது கடைசி நேரத்தில் வரும் கோரிக்கை. சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் தருகிறது. ஏற்கெனவே ஒரு லட்சம் கொடுத்திருந்தால் அது ஐந்து மாத வாடகைக்குச் சமம். "வாடகைதான் சார் பேசினோம்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய அட்வான்ஸ் புது அக்ரிமென்ட்டுக்கு மாற்றப்பட்டதாக, தொகையோடும் முதலில் கொடுத்த தேதியோடும் ஒரு வரி இருக்கட்டும். ஓனர் இறந்தோ வீட்டை விற்றோ போனால், வருகிறவரிடம் அட்வான்ஸைக் கேட்க அந்த வரிதான் கையில் இருக்கும்.